மேலே நிற்பவனைப் பற்றி ஒரு ஜோக்

லிஃப்ட் வேலையில் இரண்டு பேர் சேர்ந்தால்தான் ஓர் ஆள். ஒருத்தன் கட்டடத்தின் உச்சியிலுள்ள மெஷின் ரூமில் மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் நிற்பான். மற்றவன் கூண்டின் கூரைமேல் ஏறி நின்று, கயிற்றுக்கும் கப்பிக்கும் நடுவே கையை விடுவான். மேலே நிற்பவன் அவசரப்பட்டால் போவது கீழே நிற்பவனின் விரல். அதனால் இந்தத் தொழிலில் பேச்சுக்கு ஒரு சட்டம் உண்டு. மேலே இருப்பவன் வாக்கி-டாக்கியில் "கரண்ட் போடப் போறேன்" என்றால், கீழே இருப்பவன் "கரண்ட் போடப் போற" என்று அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். மேலே இருப்பவன் "ஆமா" என்ற பிறகுதான் கை நகரலாம். வெறும் "ம்" செல்லாது. வெறும் "சரி"யும் செல்லாது. சரி என்கிறவன் எதைக் கேட்டுச் சரி என்றான் என்று யாருக்குத் தெரியும்?

கூண்டின் மேல் நிற்பவனுக்கு ரேடியோ என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததில்லை, கூட வேலை செய்கிறவர்கள் வைத்தது. காலையில் வண்டியில் ஏறும்போது திறந்த வாயைச் சாயங்காலம் இறங்கும்போதுதான் மூடுவான். மெஷின் ரூமில் நிற்பவன் தூண். ஆறடிக்கு மேல் உயரம், அளந்து பேசுகிற வாய். இருவரும் பத்து வருஷத்துக்கு மேலாக ஜோடி. தூணின் மகள் ரேடியோவைச் சித்தப்பா என்பாள். ரேடியோவின் மனைவி தூணை அண்ணன் என்பாள். ஒருத்தன் லீவு போட்டால் மற்றவனுக்கும் அன்று வேலை ஓடாது.

விஷயம் நடந்தது லிஃப்ட் கம்பெனி டிப்போவின் டீ மேசையில். நீளமான தகர மேசை, ஒரு பக்கம் கால் ஆடும். காலையில் எட்டுப் பேர் உட்கார்ந்து யாரையாவது வாரிவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவது பழக்கம். அன்று பேச்சு, ஆற்றங்கரையோரம் எழும்பியிருக்கும் புதுக் கட்டடத்தைப் பற்றிப் போனது. ஆறு லிஃப்ட், பெரிய வேலை. அதற்கு மெஷின் ரூம் பொறுப்பு யாருக்கு என்று சூப்பர்வைசர் அந்த வாரம் முடிவு செய்ய வேண்டும். தூணின் பெயர்தான் எல்லோர் வாயிலும்.

ரேடியோவுக்கு நாக்கு அரித்தது.

"இவன் மேல நின்னான்னா," என்று டீயை உறிஞ்சினான், "நான் கூண்டு மேல ஏறுறதுக்கு முன்னாடி வீட்டுக்கு ஒரு போன் போட்டுடுவேன். கடைசியா ஒரு தடவை பொண்டாட்டி குரலைக் கேட்டுக்கலாமேன்னு."

மேசையே அதிர்ந்தது. கேபிள்காரர் என்று எல்லோரும் கூப்பிடுகிற மூத்த ஆள் மூக்கில் டீ ஏறி இருமினார். சூப்பர்வைசர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அடப்பாவி, அப்போ புதுக் கட்டடத்துல மேல யாரைய்யா நிக்க வைக்கிறது?" என்றார். மறுபடியும் சிரிப்பு. தூணும் சிரித்தான். பிறகு டம்ளரை அப்படியே வைத்துவிட்டு வண்டியில் போய் உட்கார்ந்துகொண்டான். டம்ளரில் பாதி டீ இருந்ததை ரேடியோ கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் டீ சரியில்லை போல என்றுதான் நினைத்திருப்பான்.

அன்றைய முதல் வேலையில் வாக்கி-டாக்கி கரகரத்தது.

"கரண்ட் போடப் போறேங்க."

ரேடியோ கூண்டின் மேல் நின்று சிரித்தான். "கரண்ட் போடப் போறீங்களா, துரை?"

"வார்த்தையை மாத்தாம திருப்பிச் சொல்லுங்க. அப்புறம்தான் போட முடியும்."

குரலில் கோபம் இல்லை. பேங்க்கில் டோக்கன் கொடுக்கிறவரின் குரல். ரேடியோ வார்த்தை மாறாமல் திருப்பிச் சொன்னான். பத்து வருஷமாக 'டேய்' என்று ஆரம்பித்து 'நாயே' என்று முடிகிற வாயில் 'ங்க' வந்தால், அது மரியாதை இல்லை. கதவைச் சாத்திவிட்டு உள்ளே தாழ்ப்பாள் போடுகிற சத்தம்.

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது கேட்டான். "என்னடா, மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க? காலையில சொன்னதுக்கா?"

"ஒண்ணுமில்லைங்க."

"அட, சும்மா ஜோக்குடா! அதுக்குப் போய்..."

"அதான். ஜோக்குதான். நானும் சிரிச்சேனே." தூண் டப்பாவை எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போய்த் தனியாகச் சாப்பிட்டான்.

முதல் முயற்சி அத்தோடு முடிந்தது. அது முயற்சி என்றுகூட ரேடியோவுக்கு அப்போது தெரியாது. ஒருத்தன் காலை மிதித்துவிட்டு, "என் செருப்பு ரொம்ப மெத்துன்னு இருக்கும், உனக்கு வலிச்சிருக்காது" என்று சொன்ன மாதிரிதான் அது இருந்தது.

மறுநாள் வண்டியில் இன்னொரு தடவை ஆரம்பித்தான். இந்தத் தடவை தயார் செய்துகொண்டு வந்திருந்தான். அதுதான் வினை.

"இங்க பாரு. நான் யாரைத்தான் விட்டு வச்சிருக்கேன்? கேபிள்காரர் தொப்பையைப் பத்திச் சொல்லலையா? சூப்பர்வைசர் வழுக்கையைப் பத்திச் சொல்லலையா? நீகூடத்தான் போன மாசம் என்னைப் பத்தி, இவன் வாயை மூடணும்னா மெயின் சுவிட்சைத்தான் அணைக்கணும்னு சொன்ன. நான் கோவிச்சுக்கிட்டேனா? உன் மனசு புண்பட்டிருந்தா மன்னிச்சிடு. ஆனா நான் தப்பா எதுவும் நினைக்கல."

தூண் கண்ணாடி வழியாகத் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தான். சிக்னலில் வண்டி நின்றது. ஒரு பெண்மணி நாயை இழுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்தாள், நாய் வரமாட்டேன் என்று உட்கார்ந்தது. இருவரும் அந்த நாயைத் தேவைக்கு அதிகமாகப் பார்த்தார்கள்.

"சரி விடுங்க," என்றான் தூண்.

ரேடியோ அந்தச் 'சரி'யைப் பிடித்துக்கொண்டான். சரி என்று சொல்லிவிட்டானே, முடிந்தது கதை. நாள் பூராவும் விசில் அடித்தான்.

சாயங்காலம் டிப்போ நடையில் சூப்பர்வைசர் அவனை ஓரம் கட்டினார். "உங்க ரெண்டு பேருக்கும் என்னய்யா தகராறு? அவன் வேற ஜோடி கேக்கறான். அடுத்த வாரத்துலேர்ந்து வேற ஆளோட போறேங்கறான். காரணம் கேட்டா, சும்மா ஒரு மாற்றத்துக்குங்கறான். பத்து வருஷமா மாறாதவனுக்கு இப்ப என்ன மாற்றம்?"

ரேடியோவின் வாய் திறந்தபடியே இருந்தது. அதிலிருந்து ஒன்றும் வரவில்லை. அந்த டிப்போவில் அப்படி ஒரு காட்சியை யாரும் பார்த்ததில்லை.

"அப்புறம்," என்று சூப்பர்வைசர் குரலைத் தாழ்த்தினார், "அன்னைக்கு நீ சொன்னதுல ஏதாவது விஷயம் இருக்கா? மெஷின் ரூம் பொறுப்பு குடுக்கறதுக்கு முன்னாடி எனக்குத் தெரியணும்."

"சேச்சே! என்ன சார் நீங்க! அது சும்மா..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்தினான். தூணிடம் சொன்ன அதே 'சும்மா'தான் இப்போதும் வந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் தூணுக்குப் போன் போட்டான். எடுத்தது மகள். "அப்பா இருக்காரு சித்தப்பா. ஆனா பேச மாட்டாராம். நான் அப்படிச் சொல்லக்கூடாதாம், வெளிய போயிருக்காருன்னு சொல்லணுமாம்."

"சரிம்மா. வெளிய போயிருக்காருன்னு நான் நம்பிட்டேன்னு சொல்லு."

ரேடியோவின் மனைவிக்கு ஒரு பெரிய கடையில் புகார் கவுன்டரில் வேலை. ஓடாத மிக்ஸி, ஒரு கை மட்டும் நீளமான சட்டை என்று நாள் முழுக்க அவளிடம்தான் வந்து கத்துவார்கள். அவன் வண்டியில் சொன்னதை அப்படியே ஒப்பித்தான். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"மன்னிப்புக் கேட்டீங்களா, கேஸ் நடத்துனீங்களா?"

"மன்னிச்சிடுன்னு சொன்னேன்ல?"

"'புண்பட்டிருந்தா'ன்னு சொல்லியிருக்கீங்க. அவர் புண்பட்டாரா இல்லையான்னே உங்களுக்குச் சந்தேகமா? கூடவே ஒரு 'ஆனா'. ஆனாவுக்கு முன்னாடி வந்ததை எவன் காதுல வாங்குவான்? எங்க மேனேஜர்கூட இப்படித்தான். 'வாடிக்கையாளருக்குச் சிரமம் ஏற்பட்டிருந்தால் வருந்துகிறோம்'னு எழுதி ஒட்டுவாரு. அதைப் படிச்சிட்டுத்தான் பாதிப் பேர் என்னை அடிக்க வர்றாங்க."

"நான் வேணும்னு சொல்லலடி. எனக்கு அவன் மேல என்ன கோவம்?"

"அது உங்களுக்குத் தெரியும். அண்ணனுக்கு எது வலிச்சுதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

ரேடியோ யோசித்தான். வலித்தது ஜோக் என்று நினைத்துக்கொண்டிருந்தான். ஜோக்கில் எது என்று யோசித்ததே இல்லை.

"தெரியாது," என்றான்.

"தெரியாததுக்குத்தான் மன்னிப்பு கேட்டிருக்கீங்க. இந்தாங்க, உங்க சட்டையை நீங்களே மடிங்க."

மறுநாள் எட்டு மாடி ஆபீஸ் கட்டடம் ஒன்றில் வேலை. கயிற்றின் இறுக்கம் பார்த்து, கப்பிக்கு எண்ணெய் விட்டு முடிக்கும்வரை வாக்கி-டாக்கியில் 'ங்க' போட்டபடியே ஓடியது. வேலை முடிந்ததும் ரேடியோ கீழே இறங்காமல் மேலே ஏறினான். கடைசி மாடிக்குப் பிறகு வரும் இரும்புப் படிக்கட்டில் அவன் பூட்ஸ் சத்தம் கேட்டே தூணுக்குத் தெரிந்திருக்கும், திரும்பிப் பார்க்கவில்லை. மெஷின் ரூமில் மோட்டார் ஓய்ந்து சூட்டை விட்டுக்கொண்டிருந்தது. எண்ணெயும் தூசியும் கலந்த வாடை. சுவரில் ஒரு சின்ன ஜன்னல், அதில் ஒரு சதுரம் வெயில். தூண் சுவிட்சில் மாட்டியிருந்த பூட்டைக் கழற்றி, துணியால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்," என்றான் ரேடியோ. "பதில் சொல்லணும்னு கட்டாயம் இல்ல."

"கேளுங்க."

"அன்னைக்கு டீ மேசையில உன்னைப் பத்தி ஒண்ணு சொன்னேன். நீ மேல நின்னா உயிருக்கு உத்தரவாதம் இல்லங்கிற மாதிரி. அது உன் காதுல எப்படி விழுந்துச்சு? நான் எதைச் சொல்றேன்னு நீ நினைச்ச?"

தூண் துணியை மடித்தான், பிரித்தான். "அதான் விட்டாச்சே."

"நீ 'சரி'ன்ன. நம்ம வேலையில சரி செல்லாது."

தூண் முதல் தடவையாக அவனை நிமிர்ந்து பார்த்தான். "நல்லாத்தான் பேசற. பேச்சுல உன்னை எவன் ஜெயிக்க முடியும்?"

'ங்க' போயிருந்தது. அது ஒன்றும் சமாதானக் கொடி இல்லை, கோபம் வெளியே வந்துவிட்ட அடையாளம் மட்டும்தான் என்பது ரேடியோவுக்குத் தெரிந்தது. ஒரு கவிழ்த்த பெயின்ட் டப்பா கிடந்தது. அதன்மேல் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டான். மூடுவது இவ்வளவு கஷ்டம் என்று அவன் நினைத்ததில்லை. பத்து வார்த்தைகள் பல்லுக்குப் பின்னால் வரிசையில் நின்றன.

மோட்டாரைப் பார்த்துக்கொண்டு தூண் பேசினான்.

"அந்த ஆஸ்பத்திரி வேலை ஞாபகம் இருக்கா? ரெண்டு வருஷம் முன்னாடி. நான் கரண்ட் போடப் போறேன்னு சொன்னேன். நீ திருப்பிச் சொல்லல. நான் பதில் வர்றதுக்கு முன்னாடியே போட்டுட்டேன்."

ரேடியோவுக்கு நினைவு வர நேரமாயிற்று. ஆமாம், ஒரு நாள். கூண்டின் மேல் ஸ்டாப் பொத்தானை அழுத்தி வைத்துவிட்டுத்தான் அவன் கப்பியில் கை வைத்திருந்தான். அதனால் கூண்டு நகரவில்லை. விளக்கு மட்டும் எரிந்தது. பிறகு மேலே போய்ப் பார்த்தபோது தூண் படிக்கட்டில் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தான். "விடுடா, ஸ்டாப் அழுத்தித்தானே இருந்துச்சு" என்று முதுகில் தட்டிவிட்டு, அன்று சாயங்காலமே ரேடியோ அதை மறந்தும் போனான்.

"நீ ஸ்டாப் அழுத்த மறந்திருந்தா?" என்றான் தூண். "நான் அதை மறந்த நாள் இல்லடா. ஒவ்வொரு தடவை சுவிட்சைத் தொடும்போதும் உன் கைதான் கண்ணு முன்னால நிக்கும். நீ யார்கிட்டயும் சொல்லல. அதுக்கு உன்னை எவ்வளவு பெருசா நினைச்சு வச்சிருந்தேன் தெரியுமா? அன்னைக்கு எட்டுப் பேர் முன்னாடி, சூப்பர்வைசர் முன்னாடி நீ அதை எடுத்து விட்ட. அப்போ ரெண்டு வருஷமா மனசுல வச்சிருந்திருக்க. ஒவ்வொரு தடவை ஏறும்போதும் பயந்துக்கிட்டுத்தான் ஏறியிருக்க. என்கிட்ட சொல்லாம, சிரிக்கறதுக்கு அவங்ககிட்டச் சொன்ன."

'இல்லடா! அது எனக்கு ஞாபகமே இல்ல!' என்று கத்த வேண்டும் போலிருந்தது ரேடியோவுக்கு. அது உண்மையும்கூட. பூரண உண்மை. அதைச் சொன்னால் தான் நிரபராதி ஆகிவிடலாம், எழுந்து போய்விடலாம். ஆனால் இவன் இவ்வளவு தூரம் இறக்கி வைத்தது கேட்கப்படாமலே அந்தத் தரையில் கிடக்கும். நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"சொல்றேன், சரியான்னு பாரு," என்றான். "அன்னைக்கு நடந்ததை நான் மனசுல வச்சிருந்து, உன்னை நம்பாமலே கூட வேலை செஞ்சேன்னு நினைச்ச. அதை எல்லார் முன்னாடியும் போட்டு உடைச்சிட்டேன்னு நினைச்ச. உனக்கு வர வேண்டிய பொறுப்பு அதனால போயிடும்னு..."

"பொறுப்பு போனா போகட்டும்," என்று தூண் வெட்டினான். "அதைச் சொல்லல. திருப்பிச் சொல்லும்போது நீயா சேர்க்காத."

"சரி. பொறுப்பு இல்ல. நான் பயந்தது. பயந்ததை உன்கிட்ட சொல்லாம அவங்ககிட்ட சொன்னது."

தூண் தலையை ஆட்டினான். "ஆமா."

அந்த 'ஆமா'வுக்குப் பிறகு அறையில் கொஞ்சம் காற்று வந்தது மாதிரி இருந்தது. உண்மையில் வரவில்லை, ஜன்னல் துரு ஏறிச் சாத்தியே கிடந்தது.

"நான் அன்னைக்குச் சொன்னது தப்பு," என்றான் ரேடியோ. "நம்ம தொழில்ல ஒருத்தனைப் பத்திச் சொல்லக்கூடாத ஒரே விஷயம் அதுதான். தொப்பையும் வழுக்கையும் வேற. கூட நிக்கறவனை நம்ப முடியாதுங்கறது வேற. அதை நான் சிரிப்புக்காக எடுத்தேன். மன்னிச்சிடு."

'ஆனா' போடவில்லை. போடாமல் நிறுத்தியது அவனுக்கே வியப்பாக இருந்தது.

தூண் பூட்டை எடுத்துப் பையில் வைத்தான். பிறகு, "நீ எதை நினைச்சுச் சொன்ன?" என்று அவனே கேட்டான்.

கேட்ட பிறகுதான் ரேடியோ சொன்னான். "எதையும் நினைக்கல. அந்த ஆஸ்பத்திரி நாள் எனக்கு மறந்தே போச்சு. நீ சொன்னப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. நான் ஒரு நாள்கூட பயந்து ஏறல. அதுக்காக நான் சொன்னது சரியாயிடாது. உன் தலையில விழுந்தது விழுந்ததுதான். ஆனா நீ ரெண்டு வருஷமா நான் பயந்துக்கிட்டு இருந்தேன்னு நினைக்க வேணாம். அது மட்டும் பொய்."

"மறந்தே போச்சா?"

"அன்னைக்குச் சாயங்காலமே."

தூண் அவனையே பார்த்தான். "நான் ரெண்டு வருஷமா தூங்காம இருக்கேன். நீ மறந்துட்ட."

"நான் ஒரு முட்டாள்டா. இந்த வாயைத் தச்சுப் போடணும். என்னையெல்லாம் ஒரு மனுஷன்னு..."

"டேய்!" தூண் கையிலிருந்த துணியை அவன்மேல் எறிந்தான். "நிறுத்து. இப்போ உன்னை நான் தேத்தணுமா? இல்லடா இல்லடா நீ ரொம்ப நல்லவன்னு நான் உன் தலையைத் தடவணுமா?"

ரேடியோ துணியை முகத்திலிருந்து எடுத்தான். நெற்றியில் கிரீஸ். "வேணாம்."

"அப்போ நிறுத்து."

நிறுத்தினான். கீழே எங்கோ யாரோ லிஃப்ட் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தார்கள், மின்சாரம் இல்லாத லிஃப்ட் வரும் என்ற நம்பிக்கையில்.

"நான் இப்போ என்ன செய்யணும்?" என்றான் ரேடியோ. "வேற ஜோடி கேட்டிருக்கன்னு சூப்பர்வைசர் சொன்னாரு. அது உன் இஷ்டம். அதை மாத்தச் சொல்லி நான் வரல. மேசையில சொன்னதை மேசையிலயே திருத்தணும்னு தோணுது. எட்டுப் பேர் காதுல விழுந்ததை உன் ஒருத்தன் காதுல எடுத்தா போதாது. ஆனா உனக்கு வேணாம்னா சொல்லல."

தூண் யோசித்தான். அவன் யோசிப்பது எப்போதும் பூட்டுச் சாவியைச் சுழற்றிக்கொண்டுதான். சாவி சுழன்றது.

"சொல்லு. ஆனா மாலை மரியாதை எல்லாம் வேணாம். இவன் மாதிரி உண்டா, தங்கம், வைரம்னு ஆரம்பிச்சன்னா எழுந்து போயிடுவேன். அழுது தொலைக்காத. ஆஸ்பத்திரி விஷயத்தை எடுக்காத. ரெண்டு வரி. அவ்வளவுதான்."

"மாலை இல்ல, அழுகை இல்ல, ஆஸ்பத்திரி இல்ல. ரெண்டு வரி."

"ஆமா." தூண் எழுந்தான். தலை கூரைக் குழாயில் இடிக்காமல் குனிந்து கொண்டே, "ஜோடி விஷயம் அப்புறம் பார்க்கலாம். உடனே முடிவு கேக்காத," என்றான்.

கேட்கவில்லை. வண்டியில் திரும்பும்போது இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் அது முந்தின நாள் மௌனம் இல்லை. சிக்னலில் நாயைத் தேட வேண்டிய அவசியம் வரவில்லை.

மறுநாள் காலை டீ மேசையில் ரேடியோ எழுந்து நிற்கவில்லை. எழுந்து நின்றால் அது பிரசங்கம் ஆகிவிடும். டம்ளரைக் கீழே வைத்தான், அவ்வளவுதான். மேசையின் கால் ஆடிக் கொஞ்சம் டீ சிந்தியது.

"அன்னைக்கு இவன் மேல நின்னா வீட்டுக்குப் போன் போடுவேன்னு சொன்னேன். அது உண்மை இல்ல, அதை நான் சொல்லியிருக்கவும் கூடாது. கூண்டு மேல நான் ஏறணும்னா மேல நிக்க இவன்தான் வேணும்."

மூன்று வரி ஆகிவிட்டது. தூண் கண்டுகொள்ளவில்லை.

கேபிள்காரர், "அட, அதை யாருய்யா நிஜம்னு எடுத்துக்கிட்டா?" என்று சிரித்தார்.

பழைய ரேடியோவாக இருந்தால் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறித் தப்பியிருப்பான். 'பாத்தியா, யாரும் எடுத்துக்கல' என்று தூணைப் பார்த்துச் சொல்லியிருப்பான். இப்போது, "யார் எடுத்துக்கிட்டாலும் எடுத்துக்கலன்னாலும் நான் சொன்னது தப்பு அண்ணே" என்று டீயைக் குடித்தான். ஒருத்தர் சர்க்கரை டப்பாவை எடுத்து, சர்க்கரை போடாமலே வைத்தார்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. தூண் தொண்டையைச் செருமினான்.

"அதுல கொஞ்சம் உண்மையும் இருக்கு," என்றான்.

ரேடியோ டீயை விழுங்க மறந்தான். இந்த விஷயத்தை எடுக்காதே என்று சொன்னவனே எடுக்கிறானே!

"ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு தடவை இவன் திருப்பிச் சொல்றதுக்கு முன்னாடி நான் கரண்டைப் போட்டுட்டேன். இவன் ஸ்டாப் அழுத்தியிருந்தான், அதனால ஒண்ணும் ஆகல. சார்கிட்ட நான் சொல்லல. பொறுப்பு குடுக்கறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்கங்க. அதுக்கப்புறம் ஒரு தடவைகூடப் பதில் வராம கை வச்சதில்ல. இவனுக்கும் தெரியும்."

சூப்பர்வைசரின் முகத்தில் சிரிப்பு மறைந்தது. அவர் தூணைப் பார்த்தார். பிறகு ரேடியோவைப் பார்த்தார். "நீயும் சொல்லல?"

"இல்ல சார்."

"ரெண்டு பேருமா சேர்ந்து மறைச்சிருக்கீங்க."

"நான் மறைக்கல சார், மறந்துட்டேன்," என்றான் ரேடியோ.

"அது இன்னும் மோசம்யா!" மேசையைத் தட்டினார். "ஒருத்தன் ரெண்டு வருஷமா நினைச்சுக்கிட்டே இருக்கான், இன்னொருத்தனுக்கு ஞாபகமே இல்ல. உங்களை என்ன செய்யறதுன்னு எனக்குத் தெரியும். புது ஆளுங்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு நடக்குதுல்ல? நாளைக்கு ரெண்டு பேரும் அங்க போய் உட்காருங்க. முதல் பாடத்துலேர்ந்து. அதை முடிச்சிட்டு வந்தப்புறம் பொறுப்பைப் பத்திப் பேசலாம்."

கேபிள்காரர் சிரிப்பை அடக்க மேசைக்கடியில் எதையோ தேடினார்.

சூப்பர்வைசர் எழுந்து நின்றார். "வேற ஜோடி கேட்டியே, அது?" என்று தூணிடம் கேட்டார்.

தூண் தோளைக் குலுக்கினான். "இவனை வேற எவன் தலையில கட்டுவீங்க? பாவம் சார்." அவ்வளவுதான் பதில்.

வகுப்பு அறையில் நாற்காலியோடு பலகை சேர்ந்த சின்ன இருக்கைகள். தூண் உட்கார்ந்ததும் முழங்கால் பலகைக்கு மேலே வந்துவிட்டது, ஏதோ குழந்தையின் சைக்கிளில் ஏறிய மாதிரி. முன்னால் இருபது வயதுப் பையன்களும் பெண்களும். சொல்லிக்கொடுக்க வந்த இளைஞர் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, கரும்பலகையில் பெரிதாக எழுதினார். பதில் வராமல் கை வைக்காதே. பிறகு திரும்பி, பின் வரிசையில் நரைத்த தலைகள் இரண்டைப் பார்த்துத் தயங்கினார்.

"ஐயா, நீங்க... அனுபவப்பட்டவங்களா? ஏதாவது சொல்ல விரும்பறீங்களா?"

தூண் எழுந்தான். பலகையும் அவனோடு எழுந்தது. "சொல்லலாங்க. வகுப்பு முடியறப்போ சொல்றேன்." பலகையைக் கழற்றிவிட்டு மறுபடி உட்கார்ந்தான்.

வகுப்பு தொடர்ந்தது. சொல்லிக்கொடுப்பவரின் பெல்ட் நுனி பான்ட் வளையத்தில் நுழையாமல் பின்பக்கம் வால் மாதிரி தொங்கியது. ஒவ்வொரு முறை அவர் கரும்பலகைக்குத் திரும்பும்போதும் அது இடப்பக்கமும் வலப்பக்கமும் ஆடியது. ரேடியோவின் நாக்கு நுனியில் ஒன்று வந்து உட்கார்ந்தது. நல்ல ஒன்று. முன் வரிசைப் பிள்ளைகளுக்குக் கேட்கிற மாதிரி சொன்னால் அறையே தாங்காது. அவன் வாயைத் திறந்தான், அந்த இளைஞரின் கழுத்தில் வழிந்த வியர்வையைப் பார்த்தான். முதல் வகுப்பு போலிருக்கிறது.

வாயை மூடினான்.

தூண் திரும்பாமலே, உதடு அசையாமல் கேட்டான். "என்னடா?"

"ஒண்ணுமில்ல."

"வந்துடுச்சுன்னு தெரியுது. காது சிவந்து போச்சு உனக்கு. சொல்லித் தொலை. என் காதுல மட்டும்."

ரேடியோ குனிந்து அவன் காதில் சொன்னான். அது அவன் நினைத்த அளவுக்கு நல்ல ஜோக் இல்லை. ஆனாலும் தூணின் முதுகு குலுங்க ஆரம்பித்தது. அடக்கப் பார்த்தான், பலகை கடகடவென்று ஆடியது. சொல்லிக்கொடுப்பவர் திரும்பினார். இருவரும் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு கரும்பலகையைப் பார்த்தார்கள்.